சட்னி வாளியில் கரையும் லாபம்: சிற்றுண்டிக் கடையின் உணவுச் செலவு

கேள்வி: சேலம் புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 24 பேர் உட்காரும் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பண்டத்துக்கும் அளவு எழுதிக் கணக்குப் போட்டால் உணவுச் செலவு விற்பனையில் 34 சதவீதம்தான் வருகிறது. மாதக் கடைசியில் பார்த்தால் 44 சதவீதம் ஆகியிருக்கிறது. கடையில் திருட்டு இல்லை. கண்ணுக்குத் தெரிந்து எதையும் கொட்டுவதும் இல்லை. பணம் எங்கே போகிறது? தோசையின் அளவைக் குறைக்கலாமா?

தோசையை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது சட்னியை. சென்ற ஆண்டு அஸ்தம்பட்டிப் பக்கம் என் நண்பர் ஒருவருக்கும் இதே சிக்கல், ஏறக்குறைய இதே எண்கள். நானும் அவரும் மூன்று நாள் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கண்டுபிடித்ததை அப்படியே சொல்கிறேன். உங்கள் கடைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அதற்கு முன் அந்த 44 உண்மையான 44தானா என்று பாருங்கள். மாதத் தொடக்கத்தில் கையிருப்பில் இருந்த சரக்கின் மதிப்போடு அந்த மாதம் வாங்கியதைக் கூட்டி, கடைசி நாள் மிச்சமிருக்கும் சரக்கைக் கழிக்க வேண்டும். வாங்கியதை மட்டும் விற்பனையால் வகுத்துவிட்டு அதைச் சதவீதம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். லீ பஜாரில் 30ஆம் தேதி இரண்டு மூட்டை இட்லி அரிசி எடுத்துப் போட்டிருந்தால் அந்த மாதம் நஷ்டம் போலவும், அடுத்த மாதம் லாபம் போலவும் தெரியும். பில்லில் தனியாக வாங்கும் 5 சதவீத ஜிஎஸ்டியை விற்பனையில் சேர்க்காதீர்கள். அது உங்கள் பணம் அல்ல. ஆனால் நீங்கள் சரக்கு வாங்கும்போது கட்டுகிற வரி திரும்பி வராது என்பதால் அது செலவில் நிற்க வேண்டும்.

நண்பர் கடையில் மாத விற்பனை 4,50,000 ரூபாய். பயன்படுத்திய சரக்கு 1,98,000 ரூபாய். அதாவது 44 சதவீதம். ஐந்து பணியாளர்கள் இரண்டு வேளை கடையிலேயே சாப்பிடுகிறார்கள். அது மாதம் சுமார் 9,000 ரூபாய். அது சம்பளத்தோடு சேர வேண்டிய செலவு. அதைத் தனியாக எழுதியதும் 44 என்பது 42 ஆனது. அவருடைய அளவுத் தாளில் இருந்த விலைகள் எட்டு மாதம் பழையவை. தேங்காய்க்கும் உளுந்துக்கும் இன்றைய விலையைப் போட்டதும் 34 என்பது 36 ஆனது. ஆக, பத்துப் புள்ளி இடைவெளி என்று அவர் தூக்கம் கெட்டுக்கொண்டிருந்ததில் நான்கு புள்ளி வெறும் கணக்குப் பிழை. மீதி ஆறு புள்ளி, மாதம் 27,000 ரூபாய். தேட வேண்டியது இதைத்தான்.

சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது ஒருநாளும் தெரியாது. தேங்காய் விலை ஏறினால், ஒரு சொட்டுக்கூட வீணாகாவிட்டாலும் சதவீதம் ஏறும். நீங்கள் தோசை விலையை ஐந்து ரூபாய் கூட்டினால், அதே அளவு வீணாகிக்கொண்டிருக்கும்போதே சதவீதம் இறங்கும். விற்ற எண்ணிக்கைப்படி ஆகியிருக்க வேண்டிய செலவுக்கும் உண்மையில் ஆன செலவுக்கும் உள்ள இடைவெளிதான் வீணைக் காட்டும். அதையும் மொத்தமாகப் பார்த்தால் பிடிபடாது. ஒரு பண்டம், ஒரு வேளை என்று சுருக்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் தேங்காய்ச் சட்னியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு கிலோ இட்லி அரிசி, ஒரு கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு. இதை அரைத்தால் தண்ணீரோடு சேர்ந்து சுமார் பன்னிரண்டரைக் கிலோ மாவு வரும். அரிசி 45 ரூபாய், உளுந்து 130 ரூபாய் என்று வைத்தால் ஒரு கிலோ மாவின் அடக்கம் சுமார் 26 ரூபாய். 120 கிராம் ஊற்றும் ஒரு தோசைக்கு மாவுச் செலவு மூன்று ரூபாயைக் கொஞ்சம் தாண்டும்.

இப்போது சட்னி. 35 ரூபாய்க்கு வாங்கிய அரைக் கிலோ தேங்காயில், ஓடும் தண்ணீரும் போகத் துருவலாகக் கையில் வருவது 220 கிராம் அளவில்தான். பொட்டுக்கடலை, மிளகாய், தாளிப்பு எல்லாம் சேர்த்து 47 ரூபாய் செலவில் 650 கிராம் சட்னி கிடைக்கும். கிலோ 72 ரூபாய். ஒரு 50 கிராம் கரண்டி மூன்று ரூபாய் அறுபது காசு. அதாவது, தோசைக்கு ஊற்றும் மாவை விட, தோசையின் ஓரத்தில் இலவசமாக விழும் ஒரு கரண்டிச் சட்னிக்கு அடக்கம் அதிகம். இதை எழுதிக் காட்டியபோது நண்பர் தாளைத் திருப்பி வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தார். இருபது ஆண்டுகளாகக் கடை நடத்துபவர் அவர். (விலைகள் நாங்கள் கணக்குப் போட்ட அன்றையவை. உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் இறங்கினால் இந்த வித்தியாசமும் குறையும்.)

தோசைக்குப் பில் உண்டு. அதனால் அது எண்ணப்படுகிறது. சட்னிக்குப் பில் இல்லை. அதனால் அதை யாரும் எண்ணுவதில்லை. கடையில் மறைவாக வீணாவது பெரும்பாலும் பில்லில் ஏறாத பண்டத்தில்தான் இருக்கும்.

மூன்று நாள் செய்த சோதனை இதுதான். காலையில் அரைத்த சட்னி முழுவதையும் பாத்திரத்தோடு எடை போட்டு, பாத்திரத்தின் எடையைக் கழித்தோம். தட்டு கழுவும் இடத்தில் தனியாக ஒரு வாளி வைத்து, தட்டில் மிஞ்சிய சட்னியை மட்டும் அதில் வழிக்கச் சொன்னோம். கொஞ்சம் சாம்பாரும் கலந்துதான் வரும். அதற்காகக் கால் பங்கு கழித்துக்கொண்டோம். பத்தரை மணிக்குக் காலை வேளை முடிந்ததும் பாத்திரத்தில் மிஞ்சியதை எடை போட்டோம். கல்லாவில் எத்தனை தட்டுப் பண்டம் விற்றிருக்கிறது என்று எண்ணினோம். பார்சலையும் ஒவ்வொரு தட்டாகவே எண்ணினோம்.

சராசரியாக ஒரு காலைக்கு 180 தட்டு. அளவுத் தாளில் தட்டுக்கு 50 கிராம் என்று எழுதியிருந்தார். அப்படியானால் 9 கிலோ போதும். அரைத்தது 15 கிலோ. ஆறு கிலோ வித்தியாசத்தில் பாத்திரத்தில் மிஞ்சியது 1.4 கிலோ, எச்சில் வாளியில் 2.6 கிலோ. மீதி 2 கிலோ எங்கே? சாப்பிட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் வயிற்றுக்குள் போனதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். 11 கிலோவை 180 தட்டுக்குப் பிரித்தால் தட்டுக்கு 61 கிராம். ஆக, தாளில் இருந்த 50 என்பது நண்பர் ஆசைப்பட்ட அளவு. ஊர் சாப்பிடுகிற அளவு 60. தாளைத்தான் திருத்த வேண்டும். அந்த 2 கிலோவுக்கான மாதம் 4,300 ரூபாயைப் பண்டத்தின் விலையில் சேர்க்க வேண்டுமே தவிர, சப்ளையரைத் திட்டுவதில் பயனில்லை.

உண்மையான வீண் நான்கு கிலோ. நாளைக்கு 288 ரூபாய், மாதம் 8,600 ரூபாய்க்கு மேல். ஒரு வேளை, ஒரே ஒரு சட்னி.

இது ஏன் நடக்கிறது என்று கரண்டியைப் பார்த்தால் புரியும். அங்கே இருந்தது 50 மில்லி குழிக்கரண்டி. சப்ளையரிடம் எதுவும் சொல்லாமல், தராசின் மேல் ஒரு தட்டை வைத்து, வழக்கமாகப் பரிமாறுவது போலப் பத்துக் கரண்டி ஊற்றச் சொன்னேன். 650 கிராம். தேங்காய்ச் சட்னி கெட்டியானது. கரண்டியின் விளிம்புக்கு மேலே குவிந்து நிற்கும், வெளிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். தண்ணீரை அளந்து 50 மில்லி என்று வாங்கிய கரண்டி சட்னியை 65 கிராமாகத்தான் எடுக்கும். அந்தத் தம்பி தாராளம் காட்டவில்லை, கவனக்குறைவாகவும் இல்லை. கரண்டியே அப்படி.

இட்லி ஒன்று மட்டும் வாங்கிய பெரியவருக்கும் அதே 65 கிராம், ரவா தோசை வாங்கிய இளைஞருக்கும் அதே 65 கிராம். பெரியவர் பாதியை வைத்துவிட்டுப் போகிறார். இளைஞர் "அண்ணா, சட்னி" என்று மறுபடி கேட்கிறார். எச்சில் வாளிக்குப் போவது கேட்காமல் முதலில் ஊற்றிய சட்னி. கேட்டு வாங்கிய இரண்டாவது கரண்டி வீணாவது மிக அரிது. அதனால் இரண்டாம் முறை சட்னிக்குக் காசு கேட்பது, "தீர்ந்துவிட்டது" என்று சொல்வது, முகத்தைச் சுளிப்பது இவற்றில் எதையும் செய்யாதீர்கள். நம் ஊரில் அப்படி ஒரு கடை நடந்து நான் பார்த்ததில்லை. முதல் கரண்டியைச் சிறிதாக்குங்கள், இரண்டாவது கரண்டியை மனமாரக் கொடுங்கள்.

மாலையில் தட்டுவடை செட் போடும் கடைகளில் நின்று கையைப் பாருங்கள். ஒரு சிறு கரண்டி கார சட்னி, ஒரு சிறு கரண்டி புதினா, மேலே பீட்ரூட்டும் கேரட்டும் துருவல். ஒவ்வொரு வடைக்கும் அதே அளவு. சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தே இன்னும் எத்தனை செட் போடலாம் என்று சொல்லிவிடுவார்கள். கரண்டி அவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் கை தவறுவதில்லை. கேட்டால் இன்னொரு சொட்டு வைக்கவும் அவர்கள் தயங்குவதில்லை.

நண்பர் கடையில் செய்த மாற்றம் மூன்று.

கரண்டியை மாற்றினோம். 35 மில்லி என்று சொல்லும் சிறு கரண்டி, சட்னியில் 45 கிராம் எடுக்கும். பணியாளரிடம் "குறைத்து ஊற்று" என்று சொல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் இரண்டு நாள் குறையும், மூன்றாம் நாள் பழைய கை வந்துவிடும். கருவியை மாற்றினால் கை தானாக மாறும். அதற்குப் பதிலாகச் சட்னி வாளியோடு மேசைகளைச் சுற்றிவரும் முறை கூடியது. முன்பு கூப்பிட்டால் வந்தவர், இப்போது கூப்பிடாமலே வருகிறார். கூட்ட நேரத்தில் இதற்கு ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது உண்மை. இரண்டே சப்ளையர் உள்ள கடையில் எட்டரை மணிக்கு இது கொஞ்சம் திணறும். அப்போது முதலாளியே வாளியைத் தூக்க வேண்டும்.

இரண்டாவது, அரைக்கும் முறை. அதிகாலை ஐந்தரைக்கு 15 கிலோவும் ஒரே தடவையில் அரைத்து வைத்துவிடுவார்கள். சேலத்து வெயிலில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் தேங்காய்ச் சட்னி மூன்று நான்கு மணி நேரத்தில் மணம் மாறத் தொடங்கும். மிஞ்சினால் மாலைக்கு ஆகாது, கொட்டத்தான் வேண்டும். இப்போது மூன்று தடவையாக அரைக்கிறார்கள். தேங்காயைத் துருவி, பொட்டுக்கடலை, மிளகாயை அளந்து தனித்தனிப் பொட்டலமாக வைத்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டு தடவை ஐந்தைந்து கிலோ. ஒன்பது மணிக்கு மூன்றாவது அரைப்பைக் கல்லாவில் ஓடிய தட்டு எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அரைக்காத துருவல் குளிர்பெட்டியில் மாலைக்குக் காத்திருக்கும். அரைத்த சட்னி காத்திருக்காது.

மூன்றாவது பார்சல். சட்னி கட்டித் தருபவர் கண் அளவில்தான் கட்டுவார். கையில் எந்த டப்பா இருக்கிறதோ அதை நிரப்புவார். 100 மில்லி டப்பாவை வைத்துக்கொண்டு பாதி நிரப்பு என்றால் யாருக்கும் மனம் வராது, வாங்குபவருக்கும் அது குறையாகத் தெரியும். 60 மில்லி டப்பாவை நிரம்பக் கொடுத்தால் இருவருக்கும் நிறைவு. டப்பா வாங்கும்போதே அளவை முடிவு செய்துவிடுகிறீர்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி எடை போட்டோம். அதே 180 தட்டு. அரைத்தது 12 கிலோ. பாத்திரத்தில் மிச்சம் 300 கிராம், எச்சில் வாளியில் 700 கிராம். சாப்பிட்டது அதே 11 கிலோ. இந்த ஓர் எண்ணைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வாடிக்கையாளர் வாயிலிருந்து ஒரு கிராம்கூடப் பிடுங்கவில்லை. 23 தேங்காய் உடைத்த இடத்தில் 18, 19 தேங்காய் போதுமானதாக இருக்கிறது. மாதம் சுமார் 6,500 ரூபாய் கையில் நின்றது. மீதியுள்ள ஒரு கிலோவை நான் துரத்த மாட்டேன். அதைப் பிடிக்கப் போனால் பரிமாறுவதில் கஞ்சத்தனம் தெரிந்துவிடும்.

சாம்பாரும் இதே கதைதான். ஆனால் லிட்டர் அடக்கம் முப்பது ரூபாய்க்குள் என்பதால் தொகை குறைவு. அதே மூன்று எடைகளை எடுத்தால் போதும். மூன்று வகைச் சட்னியையும் எல்லாத் தட்டிலும் வைக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தி, தேங்காய்ச் சட்னியை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றைக் கேட்டு வையுங்கள். காரச் சட்னியைத் தொடாமலே எழுந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்பது எச்சில் வாளியின் நிறத்திலேயே தெரியும்.

இனி நீங்கள் கேட்ட தோசை. பன்னிரண்டரைக் கிலோ மாவில் 120 கிராம் வீதம் நூறு தோசைக்கு மேல் வர வேண்டும். நண்பர் கடையில் 83 வந்தது. அதாவது மாஸ்டர் 150 கிராம் ஊற்றுகிறார். தோசைக்கு 80 காசு அதிகம். நாளைக்கு நூறு தோசை என்றால் மாதம் 2,400 ரூபாய். சட்னியில் போவதில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே சமயம் தோசை சிறுத்தால் வாடிக்கையாளர் அன்றைக்கே கவனிப்பார். அதனால்தான் தொடாதீர்கள் என்றேன். அளவுக் கிண்ணத்தால் ஊற்றினால் எல்லாத் தோசையும் ஒன்றுபோல வரும், அந்த வரைக்கும் நல்லது. பெரிய தோசை உங்கள் கடையின் அடையாளம் என்றால் 150 கிராமையே தாளில் எழுதி, அதற்கேற்ற விலையை வையுங்கள்.

திருட்டு இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். இருந்தாலும் அதைச் சட்னியில் தேட முடியாது, இட்லியில்தான் தேட முடியும். வெந்து இறங்கிய இட்லி ஈட்டை எண்ணலாம், பில்லில் விற்ற இட்லியை எண்ணலாம், மிச்சத்தை எண்ணலாம். இந்த மூன்றும் ஒரு வாரம் பொருந்தி வந்தால் பில் போடாமல் எதுவும் போகவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

எடை போடுவதில் ஒரு தவறை நானே செய்திருக்கிறேன். சேர்வராயன் மலை மேல், ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம், சில ஆண்டுகள் ஒரு சிறு கடை வைத்திருந்தேன். மிச்சம் அதிகமாக இருந்த ஒரு நாள் சரக்கு மாஸ்டரிடம் கடிந்து பேசிவிட்டேன். அடுத்த வாரம் முழுவதும் மிச்சம் பூஜ்யம். மகிழ்ந்துபோனேன். ஆனால் தேங்காய் மட்டும் அதே எண்ணிக்கையில் தீர்ந்துகொண்டிருந்தது. நான் வருவதற்கு முன்பே பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மிச்சத்துக்காகத் திட்டினாலோ சம்பளத்தில் பிடித்தாலோ உங்களுக்கு இனி உண்மை எடை கிடைக்காது. தினமும் பூஜ்யம் என்று எழுதியிருந்தால் அந்த நோட்டை நம்பாதீர்கள்.

அந்த மலைக் கடை இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. சேலத்தில் எழுதிய அளவுத் தாளை இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே அப்படியே கொண்டுபோகக் கூடாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் குழையாது. குழையாத பருப்பு சாம்பாரைக் கெட்டியாக்காது. மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் அரைக் கிலோ பருப்பைச் சேர்ப்பார். தினமும் இப்படிக் கூடுதலாகப் போன பருப்பைப் பல மாதம் நான் திருட்டு என்றே நினைத்தேன். குக்கர் வாங்கியதும் அது நின்றது. குளிரில் சட்னி சேலத்தைவிடக் கூடுதல் நேரம் தாங்கும், அது ஒரு வசதி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கை திங்கட்கிழமையும் அதே அளவு அரைக்கும். அங்கே ஒரே அளவுத் தாள் போதாது. வார நாளுக்கு ஒன்று, சனி ஞாயிறுக்கு ஒன்று, மே மாதக் கோடை விழா நாட்களுக்குத் தனியாக ஒன்று என்று வைத்திருந்தேன்.

உங்கள் கடைக்கு நாளைக் காலையே தொடங்கலாம். பத்துக் கிலோவுக்கு மேல் தாங்கும் தராசு ஒன்று, வாளி ஒன்று, நோட்டு ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு வரி: அரைத்தது, பாத்திரத்தில் மிச்சம், எச்சில் வாளி, விற்ற தட்டு. மூன்று நாள் போதும், நான்காம் நாள் வேண்டாம். அதற்குமேல் பணியாளர்கள் சலித்துப்போவார்கள், எண்களும் கெட்டுவிடும். தேங்காயை எண்ணி வாங்குகிறீர்கள் என்றால் அந்த மூன்று நாளும் துருவலையும் எடை போடுங்கள். காய் சிறுத்துப்போனால் அதே விலைக்கு 220 கிராமுக்குப் பதில் 170 கிராம்தான் வரும். அது அடுக்களையில் ஆகும் வீண் அல்ல. அதைத் தீர்க்க வேண்டிய இடம் தேங்காய் மண்டி.